பயிற்சியாளரின் தலைமை முறைகள்: அதிகாரத்திலிருந்து கலந்துரையாடல் வரை

விளையாட்டு அணி ஒன்றில் முடிவுகளை யார் எடுப்பது, எப்படி எடுப்பது என்பதையே பயிற்சியாளரின் தலைமை முறை என்கிறோம். இதில் ஒரு முனை அதிகாரவழித் தலைமை. அங்கே பயிற்சியாளர் சொல்வார், அணி செய்யும். மறுமுனை சனநாயகத் தலைமை. அங்கே பயிற்சியாளரும் வீரர்களும் கலந்து பேசி முடிவு செய்வார்கள். இவ்விரண்டில் எது நல்லது என்ற கேள்வி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆய்வாளர்களிடையே இருந்தது. 1970களில் அந்தக் கேள்வியே மாறியது. 'எந்தப் பயிற்சியாளர் நல்லவர்?' என்று கேட்பதை விட்டு, 'இப்போது எடுக்க வேண்டிய இந்த முடிவுக்கு எந்த முறை பொருந்தும்?' என்று கேட்கத் தொடங்கினர். விளையாட்டுத் துறையில் அந்த மாற்றத்துக்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் இந்தியாவிலிருந்து கனடா சென்ற பாக்கியநாதன் செல்லதுரை. அந்த வரலாற்றையும், அதை விளக்கும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

அயோவாவின் முகமூடிச் சங்கங்கள்

தலைமை முறைகளைப் பெயரிட்டு ஒப்பிட்ட முதல் ஆய்வுகளுள் புகழ்பெற்றது விளையாட்டுத் திடலில் நடக்கவில்லை; சிறுவர்கள் கைவேலை செய்த ஓர் அறையில் நடந்தது. செருமனியில் நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் கர்ட் லெவின் என்ற யூத உளவியலாளர் அமெரிக்காவில் குடியேறினார். சர்வாதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அயோவா பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஓர் ஆய்வைத் திட்டமிட்டார். முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளுக்காகப் பத்து வயதை ஒட்டிய சிறுவர்களின் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஒரு சங்கத்துக்கு ஐந்து சிறுவர்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை தலைவர் மாறுவார். அவருடன் தலைமை முறையும் மாறும். இந்த ஆய்வின் முதன்மையான கட்டுரை 1939இல் வெளிவந்தது.

அதிகாரவழித் தலைவர் ஒவ்வொரு அடுத்த படியையும் தாமே சொன்னார். முழுத் திட்டத்தையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சனநாயகத் தலைவர் திட்டத்தை முன்வைத்து, இரண்டு மூன்று வழிகளைக் காட்டி, சிறுவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தார். மூன்றாவது வகைத் தலைவர் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றார்.

முடிவுகளில் ஒன்று மட்டும் இங்கே போதும். அதிகாரத்துக்கு அடங்கிப் போன சங்கங்களில், தலைவர் அறையில் இருந்தபோது சிறுவர்கள் தங்கள் நேரத்தில் 74 விழுக்காட்டை வேலையில் செலவிட்டனர். அவர் வெளியே சென்றவுடன் அது 29 விழுக்காடாகச் சரிந்தது. சனநாயகச் சங்கங்களில் தலைவர் இருந்தபோது 50 விழுக்காடு, வெளியே சென்றபோது 46 விழுக்காடு. அதாவது ஆணையிட்டால் வேலை கூடுதலாக நடக்கிறது. ஆனால் ஆணையிடுபவர் அங்கே நிற்க வேண்டியிருக்கிறது. சிறுவர்களிடம் கேட்டபோது, இருபது பேரில் பத்தொன்பது பேர் அதிகாரவழித் தலைவரைவிடச் சனநாயகத் தலைவரையே பிடித்திருந்ததாகக் கூறினர்.

இந்த ஆய்வைப் படித்தவர்கள் பலர், சனநாயகமே எங்கும் சிறந்தது என்று முடிவு கட்டினர். ஆனால் விளையாட்டுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. முகமூடி செய்யும் சிறுவர்களுக்கு எதிரணி இல்லை, கடிகாரம் இல்லை. பசை காயும்வரை காத்திருக்கலாம். கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு டைம் அவுட்டில் கிடைப்பதோ ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். அந்த நேரத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியாது.

கேள்வி மாறியது

1973இல் விக்டர் வ்ரூம், ஃபிலிப் யெட்டன் என்ற இருவர், நிறுவன மேலாளர்களுக்காக ஒரு நூல் எழுதினர். தலைமை முறை என்பது ஒருவருடைய குணம் போன்றது அன்று, ஒவ்வொரு சிக்கலுக்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டியது என்பது அவர்கள் கருத்து. மேலாளர் தம் முன் உள்ள சிக்கலைப் பற்றிச் சில 'ஆம், இல்லை' கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடைகள் கிளை கிளையாகப் பிரிந்து, இறுதியில் பொருத்தமான முறையில் கொண்டுபோய் விடும்.

இந்த எண்ணத்தை விளையாட்டுக்கு ஏற்ப மாற்றியவர்கள் செல்லதுரையும் ஹாகர்ட்டியும். செல்லதுரை இந்தியாவில் கூடைப்பந்து ஆடியவர். சென்னையில் உடற்கல்வி பயின்றவர். பின்னர் கனடாவுக்குச் சென்று மேலாண்மை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். திடலையும் மேலாண்மையையும் ஒருசேர அறிந்த அவர், 1978இல் ஹாகர்ட்டியுடன் இணைந்து பயிற்சியாளர்களுக்கான ஒரு முடிவெடுப்பு மாதிரியை வெளியிட்டார். அதில் மூன்று முறைகள் இருந்தன. முதலாவது, பயிற்சியாளரே முடிவெடுப்பது. இரண்டாவது, பயிற்சியாளர் குழுவில் ஒருவராக அமர்ந்து எல்லோருடனும் சேர்ந்து முடிவெடுப்பது. மூன்றாவது, முடிவை வீரர்களிடமே ஒப்படைப்பது.

வீரர்களின் கருத்தைக் கேட்டுவிட்டுப் பயிற்சியாளர் தாமே முடிவு செய்தால் அது எந்த வகை? கருத்துக் கேட்டதாலேயே அது சனநாயகம் ஆகிவிடாது. கடைசிச் சொல் இன்னும் ஒருவரிடமே இருக்கிறது. பல பயிற்சியாளர்கள் தங்களைச் சனநாயகவாதிகள் என்று நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். பின்னர் வந்த ஆய்வுகளில் இதைக் 'கலந்தாலோசனை முறை' என்று தனியாகப் பிரித்துக் காட்டினர்.

ஏழு கேள்விகள்

அந்த மாதிரி பயிற்சியாளரை ஏழு செய்திகளைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றை எளிய கேள்விகளாக இப்படிச் சொல்லலாம்.

முதலில், நேரம் இருக்கிறதா? இல்லை என்றால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயிற்சியாளரே முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது, முடிவின் தரம் முக்கியமா? அணித் தலைவர் யார் என்பதில் தவறான தேர்வு ஆட்டத்தைக் கெடுக்கும். பயணத்துக்கு எந்த நிறச் சட்டை என்பதில் எந்த முடிவும் சரியே. மூன்றாவது, தேவையான தகவல் யாரிடம் இருக்கிறது? எதிரணியின் ஆட்டத்தைப் பதிவுகளில் பார்த்து ஆராய்ந்தவர் பயிற்சியாளர். ஆனால் எந்த வீரருக்குக் கணுக்கால் வலி, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதை வீரர்களே அறிவார்கள்.

நான்காவது, சிக்கல் எவ்வளவு பின்னலானது? ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நகர வேண்டிய ஓர் ஆட்டத் திட்டத்தில், ஒன்றை மாற்றினால் மற்ற நான்கும் மாறும். அத்தகைய சிக்கலைக் குழுவாகப் பேசித் தீர்ப்பது கடினம். முழுப் படத்தையும் மனத்தில் வைத்திருக்கும் ஒருவரே முடிவு செய்வது நல்லது. ஐந்தாவது, வீரர்கள் மனமார ஏற்றுக்கொள்ளாவிட்டால் முடிவு பயனற்றுப் போகுமா? விடியற்காலைப் பயிற்சி என்ற முடிவு, எழுந்து வருபவர்களின் மனத்தில்தான் உயிர் பெறும். ஆறாவது, ஏற்க மறுத்தாலும் நிறைவேற்ற வைக்கும் அளவுக்குப் பயிற்சியாளருக்குச் செல்வாக்கு உண்டா? அது பதவியால் வருவதைவிட, அவர் ஆட்ட அறிவின் மீதும் அவர் மீதும் வீரர்களுக்கு உள்ள மதிப்பால் வருவது. ஏழாவது, அணி ஒன்றுபட்டிருக்கிறதா? இரண்டு கட்சிகளாகப் பிரிந்துள்ள அணியில் கூட்டுமுடிவு என்பது பிளவை மேலும் ஆழமாக்கும்.

இந்தக் கேள்விகள் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதும் உண்டு. நேரமில்லை என்பது அதிகாரத்தின் பக்கம் இழுக்கும். ஏற்பு தேவை என்பது கலந்துரையாடலின் பக்கம் இழுக்கும். அப்போது என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு.

1.8 நொடிகள்

1994 மே 13. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யில் சிகாகோ புல்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதிக்கொண்டிருந்தன. முதல் இரண்டு ஆட்டங்களிலும் சிகாகோ தோற்றிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் 1.8 நொடிகள் எஞ்சியிருந்தபோது இரு அணிகளும் 102 புள்ளிகளில் சமமாக நின்றன. சிகாகோவின் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் டைம் அவுட் கேட்டார்.

மைக்கேல் ஜோர்டன் அந்தப் பருவம் தொடங்கும் முன்பே ஓய்வை அறிவித்திருந்தார். அவருக்குப் பிறகு அணியைச் சுமந்தவர் ஸ்காட்டி பிப்பன். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் அவருக்கு மூன்றாம் இடம். ஆனால் ஜாக்சன் கடைசி எறிதலைக் குரோவாசியாவிலிருந்து வந்த புதுமுக வீரர் டோனி குக்கோச்சுக்குக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் கடைசி நொடி எறிதல்களால் குக்கோச் முன்பே அணியை வெல்ல வைத்திருந்தார். பிப்பனுக்குக் கொடுக்கப்பட்ட பணி, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது மட்டுமே. பிப்பன் திடலுக்குள் செல்ல மறுத்துவிட்டார், இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். ஜாக்சன் மற்றொரு டைம் அவுட் எடுத்து, பீட் மையர்ஸ் என்ற வீரரைப் பந்தெறிய அனுப்பினார். அவர் எறிந்த பந்தைக் குக்கோச் பிடித்துக் கூடையில் போட்டார். மணி ஒலித்தது, சிகாகோ 104–102 என்று வென்றது.

இந்த முடிவை ஏழு கேள்விகளில் வைத்துப் பார்ப்போம். நேரம்: அறவே இல்லை. தரம்: ஆட்டமே அதில்தான். தகவல்: யார் கையில் கடைசிப் பந்து பலிக்கிறது என்பதைப் பருவம் முழுவதும் கவனித்தவர் பயிற்சியாளர். சிக்கல்: ஐந்து பேரின் அசைவும் பின்னியது. இந்த நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஜாக்சன் தாமே முடிவெடுத்தது மாதிரியின்படி சரி. பந்தும் கூடையில் விழுந்தது. ஆனால் ஐந்தாவது கேள்வி, அதாவது ஏற்பு, வேறு பக்கம் இழுத்தது. அந்த முடிவு நிறைவேற ஐந்து பேர் தேவை; அவர்களில் முதன்மையானவர் அதை ஏற்கவில்லை. ஆறாவது கேள்விக்கும் விடை கிடைத்தது: அந்த நொடியில் ஜாக்சனின் செல்வாக்கு பிப்பனை எழுப்பப் போதவில்லை.

வெற்றி பெற்ற அணியின் உடைமாற்றும் அறையில் மகிழ்ச்சி இல்லை. இங்கேதான் ஜாக்சன் அன்றிரவின் இரண்டாவது முடிவை எடுத்தார். பிப்பனைத் தண்டிப்பதா, மன்னிப்பதா என்று தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. நடந்ததை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டுச் சிக்கலை வீரர்களிடம் விட்டார். அணியின் மூத்த வீரர் பில் கார்ட்ரைட், கண்ணீருடன் பிப்பனிடம் தம் ஏமாற்றத்தைச் சொன்னார். பிப்பன் அணியினரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடினார், சிகாகோ வென்றது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை சென்று, அதில் நியூயார்க் வென்றது.

ஒரே பயிற்சியாளர், ஒரே இரவு, ஒருமணி நேரத்துக்குள் இரண்டு முனைகள். இரண்டாவது முடிவுக்கும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நேரம் இருந்தது. காயம் பட்டவர்கள் வீரர்கள். என்ன செய்தால் ஆறும் என்பதும் அவர்களுக்கே தெரியும். ஏற்பு இல்லாத தீர்ப்பால் பயன் இல்லை. ஒருவர் தவறியபோதும் மற்றவர்கள் ஒன்றுபட்டிருந்தார்கள். பயிற்சியாளர் விதித்திருந்தால் அது வெறும் தண்டனையாக இருந்திருக்கும். சக வீரர் சொன்னதால் அது பிப்பனின் உள்ளத்தில் போய்த் தைத்தது.

பேசிக்கொண்டிருந்த வேறோர் ஆட்டம்

அந்தச் சிகாகோ அணியில் ஸ்டீவ் கெர் என்ற வீரரும் இருந்தார். அவர் பின்னாளில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளரானார். 2018 பிப்ரவரி 12 அன்று ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், டைம் அவுட்களில் திட்டம் வரையும் பலகையை ஆண்ட்ரே இகுவோடாலா, டிரேமண்டு கிரீன் முதலிய தம் வீரர்களிடமே கொடுத்துவிட்டார். வாரியர்ஸ் 129–83 என்று வென்றது. எதிரணியை இழிவுபடுத்துவதாகச் சிலர் குறை கூறினர். என் குரலைக் கேட்டு வீரர்கள் சலித்துவிட்டார்கள், இது அவர்களின் அணி என்று கெர் விளக்கம் அளித்தார்.

இதைச் சனநாயகத்தின் வெற்றி என்று மட்டும் எழுதினால் பாதியை விட்டவர்களாவோம். வாரியர்ஸ் முந்தைய பருவத்தின் சாம்பியன். வீரர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள். ஆட்ட முறை அனைவருக்கும் மனப்பாடம். எதிரணி வலுவற்றது, நீண்ட பருவத்தின் ஓர் ஆட்டம். அதாவது முடிவின் தரம் குறைந்தாலும் இழப்பு பெரிதில்லை, வீரர்களின் ஈடுபாடோ அவசரத் தேவை. கேள்விகள் ஏழும் ஒப்படைப்பை அனுமதித்த நாள் அது. அதே பலகையை 1994இன் அந்த 1.8 நொடிகளில் யாரும் கைமாற்றியிருக்க மாட்டார்கள்.

வீரர்கள் என்ன விரும்புகிறார்கள்?

1985இல் செல்லதுரையும் ஆர்னாட் என்பவரும் கூடைப்பந்து வீரர்களிடம் பல்வேறு சூழல்களைக் கொடுத்து, எந்த முறையை விரும்புகிறீர்கள் என்று கேட்டனர். முடிவு முழுவதையும் வீரர்களிடம் விட்டுவிடுவதையே அவர்கள் மிகக் குறைவாக விரும்பினர். சூழல் மாறியபோது விருப்பமும் மாறியது. தங்களுக்கு எல்லாவற்றிலும் வாக்கு வேண்டும் என்று வீரர்கள் கேட்கவில்லை. தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அவர் முடிவு செய்வதையும் அவர்கள் விரும்பினர். இது முகமூடிச் சங்கத்துச் சிறுவர்களின் விடையிலிருந்து வேறுபடுவதாகத் தோன்றலாம். ஆனால் அச்சிறுவர்களும் வழிகாட்டிவிட்டு இடமும் கொடுத்தவரையே விரும்பினர்.

மாதிரியின் எல்லை

இந்த மாதிரிக்கு ஒரு குறை உண்டு. ஏழு கேள்விகளுக்கும் விடை சொல்பவர் பயிற்சியாளரே. 'வீரர்கள் ஏற்றுக்கொள்வார்கள்' என்று அவர் நினைப்பது தவறாக இருக்கலாம். ஜாக்சனுக்கு அன்று நடந்தது அதுதான். தவறு நேர்ந்திருப்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. பயிற்சியாளர் திரும்பியதும் வேலை தளர்ந்தால், லெவினின் 74ஐயும் 29ஐயும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே அதிகாரம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. கூட்டத்தில் எப்போதும் இருவர் மட்டும் பேசி மற்றவர்கள் தலையசைத்தால், அது கூட்டுமுடிவு அன்று. அந்த இருவரின் முடிவு. கருத்துக் கேட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் முதலில் நினைத்ததே நடந்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு பள்ளிக் கபடி அணியை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, இறுதி நிமிடங்களில் பின்தங்கியிருந்தால் யார் ரெய்டு போவது என்று பயிற்சியாளர் வீரர்களுடன் அமர்ந்து பேசுகிறார். முதன்மை ரெய்டருக்குத் தோளில் வலி இருப்பது அந்தப் பேச்சில்தான் தெரிய வருகிறது. அவருக்குப் பதில் இன்னொருவர் செல்வது என்று முடிவாகிறது. விட்டுக்கொடுப்பவரும் அதை எல்லோர் முன்னும் ஏற்கிறார். போட்டி நாளில் 30 நொடி டைம் அவுட்டில் பயிற்சியாளர் ஒரே ஒரு பெயரைச் சொல்கிறார். பார்ப்பவருக்கு அது ஆணையாகத் தெரியும். ஆனால் அந்த ஆணைக்கான ஏற்பு ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கப்பட்டுவிட்டது. ஆட்ட நேரத்தில் கலந்து பேச முடியாது என்பதாலேயே, பேச வேண்டியவற்றைப் பயிற்சி நாட்களில் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. 1994இன் அந்த இரவில் சிகாகோவுக்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு வாரந்தான்.